22 சதவீதமா, 8 சதவீதமா: காலாண்டுக் கணக்கைச் சொல்ல நாங்கள் எழுதிப் பார்த்த நான்கு கேப்ஷன்கள்

கோயம்புத்தூரில் டேபிள் டாப் வெட் கிரைண்டர் செய்கிற ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஆட்கள் 64 பேர். வெளியிலிருந்து பணம் போட்டவர்கள் 11 பேர், பெரும்பாலும் எம்.டி.யின் சொந்தக்காரர்களும் பழைய நண்பர்களும். 2025 செப்டம்பர் முடிந்ததும் எம்.டி. கூப்பிட்டு, இந்தத் தடவை காலாண்டுக் கணக்கை ஒரு படமாகப் போட்டு, கீழே நாலு வரி எழுதி லிங்க்ட்இன்னிலும் வாட்ஸ்அப்பிலும் பகிரலாம் என்றார். கூடவே, "பெருமை அடிக்கிற மாதிரி இருக்கக் கூடாதுங்க, ஆனா நல்ல செய்திய நல்ல செய்தியாச் சொல்லணும்" என்றும் சொன்னார். நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன், ஒரு மாதம் ஆனது.

எண்களை முதலில் வைத்துவிடுகிறேன். கம்பெனி அடையாளம் தெரியாமலிருக்க ரூபாய்களை மாற்றியிருக்கிறேன், விகிதங்கள் உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். 2024 ஜூலை–செப்டம்பரில் விற்பனை 4.10 கோடி. 2025-இல் அதே மூன்று மாதத்துக்கு 5 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 22 லட்சத்திலிருந்து 39 லட்சம். அதாவது விற்பனை 22 சதவீதம் கூடியிருக்கிறது, லாபம் 77 சதவீதம். கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து எந்தக் காலாண்டிலும் 5 கோடியைத் தொட்டதில்லை. இவை எல்லாமே உண்மை, ஆடிட்டர் வந்து புத்தகத்தைப் பிரித்தாலும் இதே எண்கள்தான் வரும். சிக்கலே அங்கேதான் தொடங்கியது.

முதல் வரைவை எழுதியது நானில்லை, மார்க்கெட்டிங் பார்க்கிற தம்பி. "வரலாறு காணாத காலாண்டு! விற்பனை 22% வளர்ச்சி, லாபம் 77% வளர்ச்சி. எங்கள் டீலர்களுக்கும் ஊழியர்களுக்கும் நன்றி." இதைவிடப் பெரிதாகக்கூடச் சொல்லியிருக்கலாம் என்று வாதம் வேறு செய்தான். முந்தைய காலாண்டான ஏப்ரல்–ஜூன் விற்பனை 3.60 கோடி, அதோடு ஒப்பிட்டால் 39 சதவீதம் ஏற்றம். அதைப் போடாமல் விட்டதே அடக்கம்தான் என்பது அவன் கணக்கு. எங்கள் தொழிலில் ஏப்ரல்–ஜூன் எப்போதும் மந்தம். அதோடு தீபாவளிக்கு முந்தைய காலாண்டை ஒப்பிடுவது ஆடி மாதக் கல்யாண மண்டபத்தையும் தை மாதக் கல்யாண மண்டபத்தையும் ஒப்பிடுகிற மாதிரி. அதை உடனே தள்ளிவிட்டோம்.

போன வருடத்து அதே காலாண்டோடு ஒப்பிடுவதுதான் முறை என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் படித்தேன். பருவ ஏற்ற இறக்கம் அதில் அடிபட்டுப் போகும் என்பது அதன் நியாயம். ஆனால் தீபாவளி ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்பட்டு வருவதில்லையே. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. பதினோரு நாள் முன்னால் வந்துவிட்டது. ஆயுத பூஜையும் அப்படித்தான், அக்டோபர் 11-இலிருந்து அக்டோபர் 1-க்கு வந்தது. டீலர்கள் தீபாவளி ஸ்கீம் சரக்கைப் பண்டிகைக்கு மூன்று, நான்கு வாரம் முன்பு எடுப்பார்கள். போன வருடம் அந்த லாரிகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் வாரத்தில் கிளம்பின. இந்த வருடம் செப்டம்பர் கடைசி பத்து நாளில் கிளம்பிவிட்டன. சரக்கு அதேதான், டீலரும் அவரேதான். பில் போட்ட தேதி மட்டும் செப்டம்பர் 30 என்கிற கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

இது எவ்வளவு என்று தெரியாமல் எதையும் எழுத முடியாது. ஸ்கீம் பில்களுக்கு எங்கள் மென்பொருளில் தனிக் குறியீடு இருப்பதால் எடுப்பது சுலபமாக இருந்தது. செப்டம்பர் 30-க்குள் போன ஸ்கீம் பில்கள் 2025-இல் 70 லட்சம், 2024-இல் 15 லட்சம். வித்தியாசம் 55 லட்சம். இந்த 55 லட்சத்தை 5 கோடியிலிருந்து எடுத்தால் 4.45 கோடி. போன வருடத்தின் 4.10 கோடிக்கு மேல் அது எட்டரை சதவீதம். 22 எங்கே, எட்டரை எங்கே.

இதற்கு எதிர்வாதம் உண்டு. இந்த 55 லட்சமும் தேதி மாறியதால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது, கொஞ்சம் உண்மையிலேயே கூடுதல் ஆர்டராக இருக்கலாமே? நியாயமான கேள்விதான். அதைச் சோதிக்க ஒரே வழி அக்டோபர் முடியும்வரை காத்திருப்பது. 2024 அக்டோபர் விற்பனை 1.70 கோடி. 2025 அக்டோபர் 1.30 கோடிதான் வந்தது. ஜூலையிலிருந்து அக்டோபர்வரை நான்கு மாதத்தையும் சேர்த்தால் போன வருடம் 5.80 கோடி, இந்த வருடம் 6.30 கோடி, ஏற்றம் 8.6 சதவீதம். இரண்டு வழியில் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றதால் நம்பிக்கை வந்தது. பண்டிகை எந்தக் கரையில் விழுந்தாலும் இரண்டு கரையையும் உள்ளே போடுகிற மாதிரி காலத்தை நீட்டிக்கொள்வதுதான் இதில் உள்ள உத்தி. அரையாண்டாகப் பார்த்தால் தப்பிக்கலாமே என்று முதலில் நினைத்தேன், ஆனால் ஏப்ரல்–செப்டம்பரும் அதே செப்டம்பர் 30-இல்தான் முடிகிறது. அந்தக் கணக்கில் 14 சதவீதம் வந்தது, மிகைப்படுத்தல் கரைந்ததே தவிரப் போகவில்லை.

அந்த எட்டரையிலும் பாதி விலை. ஏப்ரலில் கிரைண்டர் விலையை 4 சதவீதம் ஏற்றியிருந்தோம். அதைக் கழித்துவிட்டு எத்தனை கிரைண்டர் போனது என்று எண்ணினால் 14,500 இருந்த இடத்தில் சுமார் 15,150, அதாவது நாலரை சதவீதம்கூட இல்லை. "வரலாறு காணாத" என்கிற சொல் என்னை உறுத்தியதற்கு இதுதான் காரணம். வருடா வருடம் விலை ஏற்றுகிற எந்தக் கம்பெனிக்கும் கொஞ்சம் சுமாராக ஓடினாலே ஒவ்வொரு சீசனும் "வரலாறு காணாத" சீசன்தான்.

லாபத்துக் கதை இன்னும் மோசம். 39 லட்சத்தில் 9 லட்சம் பழைய பவர் பிரஸ் ஒன்றை விற்றதில் வந்தது, அது மறுபடி வராது. மீதி 30 லட்சம். முன்கூட்டியே போன 55 லட்சம் சரக்கில் பொருள் செலவு, கமிஷன், லாரி வாடகை போக 18 சதவீதம்போல நிற்கும், அது ஏறக்குறைய 10 லட்சம். அதையும் எடுத்தால் 20 லட்சம். போன வருடம் 22. ஆக 77 சதவீத லாப வளர்ச்சி என்று படத்தில் பெரிய எழுத்தில் வரவிருந்த காலாண்டில், தொழிலிலிருந்து வந்த லாபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மோட்டாருக்குச் சுற்றுகிற செம்புக் கம்பி விலை ஏறியதை நாங்கள் ஏற்றிய 4 சதவீதம் ஈடுகட்டவில்லை. இதை எம்.டி.யிடம் தாளில் எழுதிக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்ப அந்தப் படத்த நிறுத்திருங்க" என்றார்.

முதல் வரைவு அதோடு போயிற்று. ஆனால் அதை அப்படியே ஒதுக்கிவிட முடியாத ஒரு நல்ல குணம் அதற்கு இருந்தது, ஒரே பார்வையில் புரியும். ஃபவுண்டரியில் நிற்கிற ஆளுக்கும் அமெரிக்காவில் இருக்கிற முதலீட்டாளருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அடுத்த வரைவுகளில் நாங்கள் இழந்தது அதைத்தான்.

இரண்டாவது வரைவை எதிர்ப்பக்கம் போய் நானே எழுதினேன், இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. "எல்லோருடைய ஆதரவாலும் இந்தக் காலாண்டில் 5 கோடி ரூபாய் விற்பனை செய்திருக்கிறோம். இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது." சதவீதம் கிடையாது, ஒப்பீடு கிடையாது, பெருமையும் கிடையாது. அடக்கமாகத்தான் தெரிந்தது. ஸ்டோர்ஸ் பார்க்கிற அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். "போன வருஷம் எவ்ளோங்க?" என்றார் முதல் கேள்வியாக. 4.10 என்றேன். "அப்ப கிட்டத்தட்ட கால் பங்கு ஏறிருச்சா!" என்றார். நான் சொல்லாமல் விட்ட 22 சதவீதத்தை அவரே போட்டுக்கொண்டார், அதுவும் இன்னும் மூன்று சேர்த்து. 11 முதலீட்டாளர்களிடமும் போன வருடத்துக் கணக்கு மெயிலில் இருக்கிறது, அவர்களும் இதையேதான் செய்வார்கள். நாங்கள் மிகைப்படுத்தவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், மிகைப்படுத்துகிற வேலையைப் படிப்பவரிடம் கொடுத்துவிட்டோம் என்பதுதான் நிஜம்.

இந்த மாதிரி அடக்கத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒருவர் எண்ணைப் போட்டுப் பார்க்காமல் தொனியை மட்டும் படித்தால், "செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது" என்பது ஏதோ சரியில்லை என்கிற ஜாடையாகக் கேட்கும். சம்பளம் ஒழுங்காக வருமா என்று ஊழியர் யோசிப்பார், பணம் போட்டவர் எம்.டி.க்கு போன் போடுவார். தாழ்மையான சொற்கள் எண்ணைச் சரிசெய்வதில்லை.

அடித்தள விளைவு என்று சொல்வார்களே, அதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்னே எது இருந்தது என்று சொல்லாமல் ஏற்றத்தை மட்டும் சொல்வதில் நாட்டுக் கணக்கே ஒரு நல்ல உதாரணம். 2021 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் 20.1 சதவீதம் வளர்ந்ததாக அந்த ஆகஸ்ட் கடைசியில் வந்த அரசுப் புள்ளிவிவரம் சொன்னது. கணக்கு சரிதான். ஆனால் அதற்கு முந்தைய வருடம் அதே காலாண்டு முழு ஊரடங்கில் 24.4 சதவீதம் விழுந்திருந்தது. ரூபாயில் பார்த்தால் 2019-இல் சுமார் 35.7 லட்சம் கோடி, 2020-இல் 27 லட்சம் கோடி, 2021-இல் 32.4 லட்சம் கோடி. இந்த மூன்று எண்ணையும் வரிசையாகப் பார்ப்பவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை, 20.1 என்ற ஒன்றை மட்டும் பார்ப்பவர் என்ன நினைத்தாலும் அவர்மேல் குற்றமில்லை. அதைப் பார்த்துத்தான் எங்கள் கேப்ஷனில் முதலில் ரூபாய், அதுவும் இரண்டு வருடத்து ரூபாய், சதவீதம் வேண்டுமென்றால் கடைசியில் என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது வரைவு, பொதுவில் எதுவுமே போடாமல் இருப்பது. எங்கள் ஆடிட்டர் சொன்னது இது. பிரைவேட் கம்பெனி காலாண்டுக் கணக்கை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதலீட்டாளர்களுக்கு ஒரு மெயில், ஊழியர்களுக்கு கேன்டீனில் பத்து நிமிடப் பேச்சு, அவ்வளவு போதும் என்றார். இதில் நிறைய நியாயம் இருக்கிறது. லாப விகிதத்தை வெளியே சொன்னால் அடுத்த வாரமே பெரிய டீலர், "இவ்ளோ நிக்குதே, எனக்கு இன்னும் ரெண்டு பர்சென்ட் குடுங்க" என்று வந்து உட்காருவார். பங்கு கொடுத்துப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிற நேரமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின் கீழ் பிரைவேட் பிளேஸ்மென்ட், அதாவது தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பங்கு கொடுப்பது, செய்கிறவர்கள் அந்த வெளியீட்டைப் பற்றிப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. "நல்லா வளர்றோம், எங்களோடு சேருங்கள்" என்ற தொனியில் ஒரு பதிவு அந்த நேரத்தில் போனால் அது வெறும் வாழ்த்துப் படமாகப் பார்க்கப்படாது. நாங்கள் அப்போது பணம் திரட்டவில்லை, அதனால் அந்தத் தடை இல்லை.

இந்த வரைவை நான் ஏற்காததற்குக் காரணம் எங்கள் 64 பேர்தான். கணக்கு எப்படியும் கசிகிறது. டிஸ்பாட்ச் பிரிவில் இருப்பவருக்கு செப்டம்பர் கடைசியில் எத்தனை லாரி போனது என்று என்னைவிட நன்றாகத் தெரியும். "இந்த தடவ செம ஓட்டம்" என்ற பேச்சு தொழிற்சாலை முழுக்க ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் போனஸ் நேரத்தில். போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20, அதுவும் கணக்கு பார்ப்பது முடிந்துபோன நிதியாண்டை வைத்து. இந்த ஜூலை–செப்டம்பர் ஓட்டத்துக்கும் அந்தத் தீபாவளி போனஸுக்கும் சம்பந்தமே இல்லை. இதை எத்தனை பேருக்கு உட்கார வைத்துச் சொல்ல முடியும்? லாபம் 77 சதவீதம் என்று ஒரு படம் போய், போனஸ் போன வருடத்து அளவிலேயே வந்திருந்தால், "கம்பெனிக்கு மட்டும் தீபாவளி, நமக்கு இல்லையா?" என்று கேட்பதில் என்ன தப்பு? அதனால் ஊழியர்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் ஒரே எண், ஒரே வாக்கியம், எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருப்பது நல்லது என்று நினைத்தேன். ஒருவருக்கு ஒரு கதை, மற்றவருக்கு வேறு கதை என்று போனால் இரண்டும் எங்கேயோ ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துவிடும், எங்கள் முதலீட்டாளர்களில் இருவர் எங்கள் சூப்பர்வைசருக்குச் சொந்தம்.

நாங்கள் கடைசியில் போட்டது நான்காவது வரைவு. அதை நவம்பர் முதல் வாரத்தில், அக்டோபர் பில்கள் முடிந்த பிறகு போட்டோம்:

"ஜூலை முதல் அக்டோபர் வரை எங்கள் விற்பனை 6.30 கோடி ரூபாய். போன வருடம் இதே நான்கு மாதத்தில் 5.80 கோடி. ஏற்றத்தில் பாதி, ஏப்ரலில் விலை ஏற்றியதால் வந்தது. காலாண்டுக்கு மூன்று மாதம்தானே என்றால், ஜூலை–செப்டம்பர் மட்டும் 5 கோடி (போன வருடம் 4.10). ஆனால் தீபாவளி இம்முறை 11 நாள் முன்னால் வந்ததால் அக்டோபர் சரக்கில் ஒரு பகுதி செப்டம்பரிலேயே போய்விட்டது, அதனால் அக்டோபர்–டிசம்பர் விற்பனை போன வருடத்தைவிடக் குறைவாக வரலாம். செம்புக் கம்பி விலையால் தொழில் லாபம் போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு. இவை தணிக்கைக்கு முந்தைய எண்கள்."

முதலில் நான் எழுதியபோது 5 கோடி என்ற காலாண்டு எண்தான் மேலே இருந்தது, தீபாவளி விளக்கம் அடுத்த வரிகளில் வந்தது. கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான். மார்க்கெட்டிங் தம்பிதான் இந்த இடத்தில் உருப்படியான ஒரு விஷயம் சொன்னான். லிங்க்ட்இன்னில் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மீதியை அமுக்கினால்தான் வரும், பெரும்பாலானவர்கள் அமுக்குவதில்லை. அப்படியென்றால் பெரிய எண் மேலேயும் அதன் விளக்கம் மடிப்புக்கு உள்ளேயும் இருப்பது, சின்ன எழுத்தில் நட்சத்திரக் குறி போடுவதற்குச் சமம். ஆகவே நியாயமான எண் மேலே போனது, பெரிய எண் உள்ளே போனது. வாட்ஸ்அப்பில் இன்னொரு தொல்லை. படத்தை அனுப்புகிறவர் கேப்ஷனை நீக்கிவிட்டு அனுப்பலாம். எனவே படத்திலும் "ஜூலை–அக்டோபர், 2024: 5.80 கோடி, 2025: 6.30 கோடி" என்று மட்டும் போட்டோம், படம் தனியாகப் போனாலும் பொய் சொல்லாது. இரண்டு கம்பங்களையும் பூஜ்யத்திலிருந்து வரைய வேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். தம்பி முதலில் செய்த படத்தில் கோடு 5.50 கோடியிலிருந்து ஆரம்பித்தது, பார்த்தால் விற்பனை இரண்டரை மடங்குக்கு மேல் ஆன மாதிரி இருந்தது. பூஜ்யத்திலிருந்து வரைந்தால் இரண்டு கம்பமும் ஏறக்குறைய ஒரே உயரம், படம் சப்பென்று இருக்கும். இருக்கட்டுமே.

லாபத்தை எண்ணாகச் சொல்லாமல் சொல்லாகச் சொன்னது நாங்கள் செய்த சமரசம். டீலர் பயம் ஒரு காரணம். 39 லட்சம் என்று போட்டால் அதிலிருந்து 9, 10 என்று கழித்துக் காட்ட வேண்டும், நாலு வரியில் அது நடக்காது, கழிக்காமல் போட்டால் முதல் வரைவுக்கே திரும்பிவிடுவோம். முதலீட்டாளர்களுக்கான மெயிலில் முழுக் கணக்கும் போனது: 39, அதில் பிரஸ் விற்ற 9, தேதி மாறியதால் வந்த சுமார் 10, மீதி 20. கூடவே கேப்ஷனில் இல்லாத ஒன்றும். டீலர்களிடம் நிற்கிற பாக்கி செப்டம்பர் 30-இல் 3.10 கோடி, போன வருடம் 2.05 கோடி. அது எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் என்று பார்த்தால் 46 நாளாக இருந்தது 57 ஆகியிருக்கிறது. கடைசி பத்து நாளில் லாரிகள் போனதால் பாக்கி ஏறுவது இயல்புதான், ஆனால் அது முழுக்க அதனால்தானா என்பது டிசம்பரில் பணம் வந்தபின்தான் தெரியும் என்று எழுதினேன். விற்பனை ஏற்றத்தைப் பார்க்கிற எந்த முதலீட்டாளரும் அடுத்து பார்க்க வேண்டிய இடம் இதுதான். பண்டிகைக்கு முன் சரக்கைத் தள்ளிவிட்டு பில் போடுவது கிரைண்டர் தொழிலுக்குப் புதிதல்ல, தள்ளிய சரக்கு ஜனவரியில் திரும்பி வருவதும் புதிதல்ல.

பட்டியலிட்ட கம்பெனிகளில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்டோபர் எண்ணுக்காகக் காத்திருந்து போடுகிற சுதந்திரம் அவர்களுக்கு இப்படி இல்லை. போர்டு கணக்கை ஏற்றவுடன், செபி விதிப்படி முடிவு முதலில் பங்குச் சந்தைக்குப் போக வேண்டும், கால அளவு நிமிடங்களிலும் மணிகளிலும்தான். அதற்கு முன் அந்த எண் யார் வாட்ஸ்அப்பிலும் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 2012 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் தன் முகநூலில், ஒரு மாதத்தில் பார்க்கப்பட்ட நேரம் முதன்முறையாக 100 கோடி மணியைத் தாண்டியது என்று ஒரு சின்ன வாழ்த்துப் பதிவு போட்டார். முறையான அறிக்கை எதுவும் கூட வரவில்லை. பங்கு விலை ஏறியது, சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் விசாரணைக்கு எடுத்தது. நடவடிக்கை எதுவும் எடுக்காமல் 2013 ஏப்ரலில் ஆணையம் சொன்னது, எந்தத் தளத்தில் செய்தி வரும் என்று முதலீட்டாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் சமூக வலைத்தளத்தையும் பயன்படுத்தலாம் என்பதுதான். எங்களைப் போன்ற சின்ன கம்பெனிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, ஆனாலும் ஒரு பழக்கத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டோம். 11 பேருக்கும் மெயில் காலையில் போய், கேன்டீன் பலகையில் தாள் ஒட்டியபின்தான் சாயங்காலம் லிங்க்ட்இன்னில் ஏறியது.

நான்காவது வரைவுக்கு விலை கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். லைக் மிகக் குறைவு, தம்பி இன்னும் வருத்தத்தில் இருக்கிறான். நீளம், ஒரே மூச்சில் படிக்க முடியாது. ஒரு டீலர் போன் செய்து, "அக்டோபர்–டிசம்பர் குறையும்னு நீங்களே எழுதிட்டீங்க, ஏதாச்சும் பிரச்சனையா?" என்று கேட்டார். தீபாவளித் தேதியைச் சொன்னதும், அவர் கடைக்கும் அதேதான் என்பதால் உடனே புரிந்துகொண்டார். பண்டிகையோடு பெரிய சம்பந்தம் இல்லாத தொழிலாக இருந்தால், உதாரணமாக மாதச் சந்தா வாங்குகிற ஒரு மென்பொருள் கம்பெனி என்றால், இத்தனை சுற்று வேண்டியதில்லை. இரண்டு வருடத்து ரூபாயைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு, விட்டுப் போன வாடிக்கையாளர் எத்தனை என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஜனவரியில் அடுத்த காலாண்டுக் கணக்கு வந்தது. அக்டோபர்–டிசம்பர் விற்பனை 3.79 கோடி, போன வருடம் 4 கோடி, 5 சதவீதம் இறக்கம். முதல் வரைவைப் போட்டிருந்தால் "22 சதவீத வளர்ச்சி"க்கு மூன்று மாதம் கழித்து இதை எப்படிச் சொல்லியிருப்போம் என்று நினைத்தாலே வியர்க்கிறது. இப்போது கேப்ஷன் எழுத அரை மணி நேரம்தான் ஆனது: "ஜூலை–டிசம்பர் ஆறு மாத விற்பனை 8.79 கோடி, போன வருடம் 8.10 கோடி. அக்டோபர்–டிசம்பர் மட்டும் 5 சதவீதம் குறைவு, தீபாவளித் தேதி மாறியதால் இப்படி வரலாம் என்று நவம்பரிலேயே சொல்லியிருந்தோம். டீலர் பாக்கி இன்னும் போன வருட அளவுக்கு இறங்கவில்லை." முதலீட்டாளர்களில் ஒருவர்தான் போன் செய்தார். விற்பனையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, பாக்கியைப் பற்றித்தான் கேட்டார், அதற்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை.